32 பைட் ரகசியத்திலிருந்து முடிவில்லாத ரேண்டம் எண்கள்: கணினி தன் 'விதையை' அடிக்கடி மாற்றுவது ஏன்?

வங்கி ஆப்பைத் திறக்கிறீர்கள். அலுவலக VPN-இல் நுழைகிறீர்கள். ஒரு இணையதளத்துக்குப் போகிறீர்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் கருவி யாராலும் ஊகிக்க முடியாத சில எண்களைத் தயாரித்தாக வேண்டும். அந்த எண்களை வேறொருவர் ஊகித்துவிட்டால், அந்த இணைப்புக்கு எவ்வளவு வலுவான பூட்டு போட்டிருந்தாலும் பயனில்லை.

ஆனால் கணினி என்பது சொன்னதைச் சொன்னபடி செய்யும் இயந்திரம். ஒரே உள்ளீட்டைக் கொடுத்தால் ஒரே விடைதான் வரும். அப்படிப்பட்ட இயந்திரம் ஊகிக்க முடியாத எண்களை எங்கிருந்து கொண்டு வருகிறது? அதுவும் நொடிக்குப் பல மெகாபைட் அளவில்?

சுருக்கமான பதில்: கொஞ்சம் ரகசியத்தை வெளியிலிருந்து சேகரிக்கிறது, பிறகு அதைக் கணக்குப் போட்டு நீட்டுகிறது. அந்தக் கொஞ்சம் ரகசியத்துக்குப் பெயர் சீட், தமிழில் விதை. பெரும்பாலான இடங்களில் அதன் அளவு வெறும் 32 பைட், அதாவது 256 பிட். இந்தக் கட்டுரையின் ஒரு வரியைச் சேமிக்க இதைவிட அதிக இடம் தேவைப்படும்.

நீட்டுவது எப்படி நடக்கிறது, நீட்டுவதால் எது கிடைக்காது, அதனால் மறுபடி மறுபடி விதைக்க வேண்டியிருப்பது ஏன் என்பதை, உலகின் பெரும்பாலான சர்வர்களிலும் ஆண்ட்ராய்டு போன்களிலும் ஓடும் லினக்ஸ் கர்னலை வைத்துப் பார்ப்போம்.

விதை எங்கிருந்து வருகிறது?

கணினிக்கு வெளியே நடக்கும் விஷயங்கள் ஒழுங்காக நடப்பதில்லை. நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட் எந்த நொடியின் எந்தத் துணுக்கில் வந்தது, டிஸ்க் எப்போது பதில் சொன்னது, விசைப்பலகையில் உங்கள் விரல் எப்போது பட்டது என்பதையெல்லாம் யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. இந்த நேரங்களைக் கர்னல் குறித்துக்கொள்கிறது. பல பிராசசர்களில் இதற்கென்றே ஒரு வன்பொருள் வசதி உண்டு. அது தருவதும் சேர்கிறது.

இவை எல்லாம் ஒரு தொட்டியில் கொட்டப்பட்டு, BLAKE2s என்ற ஹாஷ் முறையால் கலக்கப்படுகின்றன. போதுமான அளவு, அதாவது 256 பிட் நிச்சயமின்மை சேர்ந்துவிட்டது என்று கர்னல் மதிப்பிட்டதும், தொட்டியிலிருந்து 32 பைட் எடுக்கப்படுகிறது. அதுதான் முதல் விதை. அதுவரை `getrandom()` மூலம் ரேண்டம் எண் கேட்கும் புரோகிராமைக் கர்னல் காக்க வைக்கும்.

தொட்டி மெதுவாகத்தான் நிறையும், ஆனால் தேவையோ அதிகம். இங்கேதான் ஸ்ட்ரீம் சைபர் வருகிறது.

32 பைட் எப்படி நீள்கிறது?

ஸ்ட்ரீம் சைபர் என்பது, ஒரு சிறிய சாவியிலிருந்து நீளமான, தாறுமாறாகத் தெரியும் பைட் வரிசையை உருவாக்கும் கருவி. வழக்கமாக அந்த வரிசையைச் செய்தியோடு கலந்து மறைப்பார்கள். ரேண்டம் எண் வேண்டும் என்றால் செய்தியே வேண்டாம், அந்த வரிசை மட்டும் போதும். லினக்ஸ் 2016 முதல் இதற்குப் பயன்படுத்துவது ChaCha20. இதை 2008-இல் வடிவமைத்தவர் கணிதவியலாளர் டேனியல் ஜே. பெர்ன்ஸ்டைன்.

நான்குக்கு நான்கு என்று 16 கட்டங்கள் கொண்ட ஒரு சதுரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு 32 பிட் எண். முதல் நான்கு கட்டங்களில் எல்லோருக்கும் தெரிந்த, மாறாத ஒரு சொற்றொடர் இருக்கும்: `expand 32-byte k`. 32 பைட் சாவியை விரி என்று அதிலேயே எழுதியிருக்கிறது! அடுத்த எட்டுக் கட்டங்களில் நம் ரகசிய விதை. மிச்சமிருக்கும் நான்கு கட்டங்களில் 0, 1, 2 என்று ஏறிக்கொண்டே போகும் ஒரு எண்ணியும், நான்ஸ் என்ற ஒரு கூடுதல் எண்ணும் இருக்கும்.

இப்போது கலக்கல் ஆரம்பிக்கிறது. இதில் மூன்றே மூன்று வேலைகள்தான்: இரண்டு எண்களைக் கூட்டுவது, இரண்டு எண்களை XOR செய்வது, ஒரு எண்ணின் பிட்களைச் சுழற்றுவது. ஒரு சுற்று செங்குத்தாக, அடுத்த சுற்று குறுக்காக என மொத்தம் 20 சுற்றுகள். கடைசியில், கலங்கிய சதுரத்தோடு தொடக்கத்தில் இருந்த சதுரத்தைக் கட்டத்துக்குக் கட்டம் கூட்டுவார்கள்.

இந்தக் கடைசிக் கூட்டல் சாதாரணமாகத் தெரியலாம், ஆனால் பாதுகாப்பே அதில்தான் நிற்கிறது. கலக்கும் படிகள் ஒவ்வொன்றையும் பின்னோக்கி நடத்திப் பார்க்க முடியும். கூட்டல் இல்லையென்றால், வெளியே வந்த 64 பைட்டை வைத்து யார் வேண்டுமானாலும் பின்னால் நடந்து விதையை அடைந்துவிடலாம். விதை தெரியாதவரால் அந்தக் கூட்டலைக் கழிக்க முடியாது. எனவே வழி அடைபடுகிறது.

ஒரு முறை ஓட்டினால் 64 பைட் கிடைக்கும். இன்னும் வேண்டுமா? எண்ணியை ஒன்று ஏற்றி மறுபடி ஓட்டினால் போதும். எண்ணியில் ஒரே ஒரு பிட் மாறினாலும் வெளிவரும் 512 பிட்களில் ஏறக்குறைய பாதி மாறிவிடும். 1 ஜிபி ரேண்டம் தரவு வேண்டும் என்றால் இதை ஒரு கோடியே 68 லட்சம் தடவை செய்ய வேண்டும். ஒரு சாதாரண லேப்டாப்புக்கு இது சில நொடி வேலை.

பெர்ன்ஸ்டைனின் மூல வடிவத்தில் எண்ணி 64 பிட் நீளம். அது தீர்வதற்குள் வெளிவரும் பைட்களின் எண்ணிக்கை 2-இன் 70-வது அடுக்கு. எனவே 'முடிவில்லாத' என்று சொல்வதில் பெரிய மிகை இல்லை. அப்படியானால் ஒரே விதையை ஏன் காலத்துக்கும் வைத்துக்கொள்ளக் கூடாது?

நீட்டினால் நீளும், ரகசியம் கூடாது

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ChaCha20 எவ்வளவு நீட்டினாலும் புதிதாக எந்த நிச்சயமின்மையையும் சேர்ப்பதில்லை. விதையில் இருந்த ரகசியம்தான் மொத்த ரகசியமும்.

கீழே இருப்பதைப் பாருங்கள்:

```
76 b8 e0 ad a0 f1 3d 90
```

பார்க்க ரேண்டமாகத்தான் இருக்கிறது, இல்லையா? இது 32 பைட்டும் பூஜ்ஜியமாக உள்ள விதையையும், பூஜ்ஜிய எண்ணியையும், பூஜ்ஜிய நான்ஸையும் கொடுத்தால் ChaCha20 துப்பும் முதல் 8 பைட். உலகில் யார் எந்தக் கணினியில் ஓட்டினாலும் இதே எட்டு பைட்தான் வரும். இதைத் தொடர்ந்து கோடிக்கணக்கான பைட்களை எடுத்து, ரேண்டம் தன்மையைச் சோதிக்கும் புள்ளியியல் சோதனைகளில் போட்டாலும் பாஸ் ஆகிவிடும். ஆனால் அதில் ரகசியம் என்று ஒன்றுமே கிடையாது.

அதாவது, வெளியே வரும் எண்களை மட்டும் பார்த்து விதை நல்லதா கெட்டதா என்று சொல்லவே முடியாது. ஒரு சிஸ்டம் ஆண்டுக்கணக்கில் மோசமான விதையோடு ஓடலாம். யாருக்கும் எந்த அறிகுறியும் தெரியாது.

இது நிஜமாகவே நடந்தது. டெபியன் லினக்ஸில் 2006-இல் OpenSSL மென்பொருளில் செய்யப்பட்ட ஒரு மாற்றம், விதைக்குள் போக வேண்டிய தகவல்களை வெட்டிவிட்டது. எஞ்சியது புராசஸ் எண் மட்டும். அதற்குச் சாத்தியமான மதிப்புகள் 32,768. அந்த OpenSSL-இல் நீட்டும் வேலையைச் செய்தது ஸ்ட்ரீம் சைபர் அல்ல, ஹாஷ். ஆனால் பாடம் ஒன்றே: நீட்டும் இயந்திரத்தில் குறை இல்லை, விதைதான் சுருங்கிவிட்டது. 2008 மே மாதம் இது வெளியே தெரிந்தபோது, பாதிக்கப்பட்ட கணினிகள் உருவாக்கியிருக்கக்கூடிய SSH சாவிகளை முன்கூட்டியே தயாரித்துப் பட்டியல் போட முடிந்தது.

இதோடு ஒப்பிட்டால், 256 பிட் விதைக்குச் சாத்தியமான மதிப்புகள் 1-க்குப் பின்னால் 77 பூஜ்ஜியங்கள் போட்டால் வரும் அளவு. நொடிக்கு ஒரு லட்சம் கோடி என்று பிரபஞ்சம் தோன்றிய நாளிலிருந்து முயன்றிருந்தாலும், இதுவரை 30 பூஜ்ஜியங்களைக்கூடத் தாண்டியிருக்க முடியாது. எனவே நல்ல விதையை யாரும் ஊகித்துப் பிடிப்பதில்லை. ஆபத்து வருவது வேறு வழியில்: விதை திருடுபோவது, அல்லது நகலாவது.

திருடுபோனால் பழசு என்ன ஆகும்?

விதை இருப்பது கணினியின் நினைவகத்தில். ஒரு மென்பொருள் ஓட்டை வழியாக யாரோ அந்த 32 பைட்டைப் படித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே விதையில் எண்ணியை மட்டும் ஏற்றிக்கொண்டே வந்திருந்தால், திருடியவர் எண்ணியைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பி, இதுவரை வந்த அத்தனை எண்களையும் மறுபடி உருவாக்கிவிடுவார். நேற்றைய, போன மாத ரகசியங்களும் போச்சு.

இதைத் தடுக்க லினக்ஸ் ஒரு எளிய உத்தியைக் கையாள்கிறது. ஒவ்வொரு முறை யாராவது ரேண்டம் எண் கேட்கும்போதும் நடப்பது இது:

```
block  = chacha20(key)
key    = block[0:32]
output = block[32:64]
```

வெளிவந்த 64 பைட்டில் முதல் பாதி, பழைய சாவியின் மேலேயே எழுதப்படுகிறது. இனி அதுதான் சாவி. இரண்டாவது பாதிதான் கேட்டவருக்கு. 32 பைட்டுக்கு மேல் கேட்டால், அந்த இரண்டாவது பாதியை ஒரு தற்காலிகச் சாவியாக வைத்துத் தேவையான அளவுக்கு நீட்டித் தருவார்கள், பிறகு அதை அழித்துவிடுவார்கள். ஏறிய படிக்கட்டை உடைத்துக்கொண்டே மேலே போவது மாதிரி. இன்று சாவியைத் திருடியவரால் நேற்றைய சாவிக்கு இறங்கிப் போக முடியாது.

ஆனால் நாளை?

மேலே உள்ள மூன்று வரிகளை மறுபடி பாருங்கள். இன்றைய சாவி தெரிந்தவர் அதே வரிகளைத் தன் கணினியில் ஓட்டினால் நாளைய சாவியும் கிடைத்துவிடும், அதற்கு அடுத்ததும் கிடைக்கும். படிக்கட்டு கீழே உடைந்திருக்கிறது, மேலே அப்படியே இருக்கிறது. கணக்கு மட்டுமே நடக்கும் இடத்தில் இதற்கு மருந்து கிடையாது. திருடியவருக்குத் தெரியாத புதிய ஏதாவது ஒன்று வெளியிலிருந்து உள்ளே வந்தாக வேண்டும். அதுதான் மறுவிதைப்பு, ரீசீடிங்.

கவனியுங்கள்: விதை தீர்ந்துபோகிறது என்பதற்காக மறுபடி விதைப்பதில்லை. பயன்படுத்தினால் ரேண்டம் தன்மை தீர்ந்துவிடும் என்பது பரவலான தவறான எண்ணம். மறுவிதைப்பு என்பது, 'நமக்குத் தெரியாமல் சாவி போயிருக்கலாம்' என்ற சந்தேகத்துக்கான ஏற்பாடு.

கர்னலின் தொட்டி பின்னணியில் தொடர்ந்து நிறைந்துகொண்டே இருக்கும். கணினி ஆரம்பித்த முதல் இரண்டு நிமிடங்களில் மறுவிதைப்பு நெருக்கமாக நடக்கும், ஏனென்றால் தொடக்க விதை மீது நம்பிக்கை குறைவு. அதன் பிறகு ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒருமுறை. 2022-க்கு முன்பு இந்த இடைவெளி ஐந்து நிமிடமாக இருந்தது.

சரி, ஒவ்வொரு துளி வரும்போதும் உடனே விதையில் கலந்துவிட்டால் இன்னும் நல்லதுதானே? இல்லை. இங்கே ஒரு பொறி இருக்கிறது.

சாவியைத் திருடியவர் சர்வரின் வெளிப்படையான எண்கள் சிலவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று வைப்போம். TLS இணைப்பின் தொடக்கத்தில் ஒரு ரேண்டம் எண் மறைக்கப்படாமலேயே போகும், எனவே இது கடினமல்ல. ஒவ்வொரு மறுவிதைப்பிலும் 8 பிட் மட்டும் புதிதாகச் சேர்ந்தால், அவர் 256 வாய்ப்புகளையும் முயன்று, எது சர்வரின் எண்ணோடு ஒத்துப்போகிறது என்று பார்த்துச் சரியானதைப் பிடித்துவிடுவார். அடுத்த துளிக்கும் அதே 256. இப்படி 16 துளிகளில் மொத்தம் 128 பிட் சேர்ந்திருக்கும். ஆனால் அவருக்கு ஆன செலவு 16 × 256, அதாவது வெறும் 4,096 முயற்சிகள்.

அதே 16 துளிகளைத் தொட்டியில் தேக்கி வைத்து ஒரே தடவையில் கலந்தால்? அவர் 2-இன் 128-வது அடுக்கு முயற்சிகள் செய்ய வேண்டும். நடக்காத காரியம். சேர்ந்த ரகசியத்தின் அளவு ஒன்றுதான், சேர்த்த விதம்தான் வேறு. எனவே மறுவிதைப்பு எவ்வளவு அடிக்கடி என்பதைவிட, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு புதிது என்பது முக்கியம்.

ஒரு சர்வர், இரண்டு நகல்

கிளவுடில் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. இங்கே யாரும் எதையும் திருட வேண்டியதே இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விர்ச்சுவல் மெஷினை ஸ்னாப்ஷாட் எடுக்கிறீர்கள். நினைவகமும் சேர்த்துச் சேமிக்கப்படுகிறது. சாவியும் அதில்தான் இருக்கிறது. பிறகு அதே ஸ்னாப்ஷாட்டிலிருந்து இரண்டு மெஷின்களை எழுப்புகிறீர்கள். இரண்டிலும் ஒரே சாவி. இரண்டும் ஒரே வரிசையில் ரேண்டம் எண் கேட்டால், அடுத்த மறுவிதைப்பு வரை இரண்டுக்கும் ஒரே எண்கள்தான் வரும். நிமிடத்துக்கு ஒருமுறை மறுவிதைப்பு என்றால், அந்த ஒரு நிமிடம் வரை கதவு திறந்திருக்கலாம். ஒரு சர்வருக்கு ஒரு நிமிடம் என்பது நீண்ட நேரம்.

இதனால் என்ன பெரிய நஷ்டம்? ECDSA டிஜிட்டல் கையெழுத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கையெழுத்துக்கும் `k` என்ற ஒரு புதிய ரகசிய எண் வேண்டும். நிரந்தர ரகசியச் சாவி `d`. இரண்டு மெஷின்களும் ஒரே `k`-யை எடுத்து, வெவ்வேறு செய்திகளில் கையெழுத்திட்டால் வெளியில் தெரிவது இதுதான்:

```
s1·k = z1 + r·d
s2·k = z2 + r·d
```

`z1`, `z2` என்பவை செய்திகளின் ஹாஷ்கள். `r`, `s1`, `s2` ஆகியவை கையெழுத்திலேயே இருக்கும். எல்லாமே பார்ப்பவருக்குத் தெரியும். தெரியாதவை இரண்டு, சமன்பாடுகளும் இரண்டு. பள்ளியில் போட்ட கணக்குதான், ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால்:

```
k = (z1 − z2) / (s1 − s2)
d = (s1·k − z1) / r
```

இங்கே வகுத்தல் என்பது ஒரு பெரிய பகா எண்ணின் அடிப்படையிலான மாடுலர் வகுத்தல். கணினிக்கு அது ஒரு கண நேர வேலை. ஒரே ஒரு எண் இரண்டு முறை வந்ததற்கு விலை, சர்வரின் நிரந்தரச் சாவி.

இது வெறும் கோட்பாடு அல்ல. தாமஸ் ரிஸ்டன்பார்ட், ஸ்காட் யிலெக் என்ற இரு ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட கட்டுரையில், ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்கப்பட்ட அப்பாச்சி வெப் சர்வரின் DSA ரகசியச் சாவியை இந்த வழியில் வெளியே எடுக்க முடியும் என்று காட்டினார்கள். DSA என்பது ECDSA-வின் மூத்த அண்ணன், கணக்கு அதேதான்.

இதற்கான தீர்வு 2022-இல் லினக்ஸ் 5.18-இல் வந்தது. விர்ச்சுவல் மெஷினை நடத்தும் ஹைப்பர்வைசர் அதற்கு ஒரு 16 பைட் அடையாள எண் தருகிறது. ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுப்பப்பட்டால் அந்த எண் மாறிவிடும், கர்னலுக்கும் தகவல் போகும். நிமிடம் முடியக் காத்திராமல், புதிய எண்ணைக் கலந்து உடனே மறுவிதைப்பு நடக்கும். `vmgenid` என்பது இந்த வசதியின் பெயர்.

இதற்கும் எல்லைகள் உண்டு. மெஷின் விழித்ததற்கும் கர்னலுக்குத் தகவல் சேர்வதற்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. ஹைப்பர்வைசர் இந்த வசதியைத் தராவிட்டால் பயனே இல்லை. முக்கியமாக, சில புரோகிராம்கள் கர்னலிடம் ஒருமுறை விதை வாங்கிக்கொண்டு, வேகத்துக்காகத் தங்களுக்குள்ளேயே நீட்டிக்கொள்கின்றன. கர்னல் மறுபடி விதைத்தது அவற்றுக்குத் தெரியாது. ஒரு புராசஸ் `fork()` மூலம் இரண்டாகும்போதும் இதே சிக்கல்தான்: பெற்றோருக்கும் பிள்ளைக்கும் ஒரே விதை. OpenSSL 1.1.1-இல் இதற்கென வைத்த பாதுகாப்பு இயல்பு நிலையில் இயங்கவே இல்லை என்று 2019-இல் தெரியவந்து திருத்தப்பட்டது.

உங்கள் வேலையில் எதைப் பார்க்க வேண்டும்?

நீங்கள் கோடு எழுதுபவர் என்றால், சொந்தமாக விதையை வைத்து நீட்டாதீர்கள். தேவைப்படும்போதெல்லாம் கர்னலிடமே கேளுங்கள். பைதானில் அதற்கு `secrets` அல்லது `os.urandom()`. `random` மாட்யூல் இதற்கானது அல்ல. அதன் உள்ளே இருப்பது மெர்சென் ட்விஸ்டர், அதன் 624 வெளியீடுகளை அடுத்தடுத்துப் பார்த்தால் மீதி அனைத்தையும் கணித்துவிடலாம்.

சர்வர்களை நிர்வகிப்பவர் என்றால், நினைவகத்தோடு எடுத்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து மெஷின்களைப் பெருக்கும் இடங்களைக் கண்டுபிடியுங்கள். அங்கே கர்னல் 5.18 அல்லது அதற்குப் பிந்தையதா, ஹைப்பர்வைசர் அடையாள எண் தருகிறதா என்று பாருங்கள். விழித்ததும் சேவைகளை ரீஸ்டார்ட் செய்தால், புரோகிராம்களுக்குள் தங்கிவிட்ட பழைய விதைகளும் போய்விடும். டிஸ்க் இமேஜிலிருந்து புதிதாக பூட் ஆகும் மெஷினில் இந்த நினைவகச் சிக்கல் இல்லை. ஆனால் அந்த இமேஜுக்குள் சேமித்து வைத்த விதைக் கோப்போ SSH ஹோஸ்ட் சாவிகளோ இருந்தால், அவற்றை அழித்துவிட்டுத்தான் இமேஜ் எடுக்க வேண்டும்.

கையெழுத்துப் பதிவுகள் உங்களிடம் இருந்தால், இரண்டு வெவ்வேறு செய்திகளுக்கு ஒரே `r` மதிப்பு வந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். விதை நகலானது வெளியே தெரியும் வெகு சில அடையாளங்களில் அது ஒன்று. அது கண்ணில் பட்டால் விசாரணையைப் பிறகு நடத்தலாம், முதலில் அந்தச் சாவியை மாற்றிவிடுங்கள். `d` ஏற்கெனவே வெளியே போயிருக்கும்.